மதகிலிருந்து குழாய்க்கு: ஒரு மேட்ச் கட்டைப் படிப்படியாகப் போடுவது எப்படி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர், தான் எடுத்த ஆறு நிமிடக் குறும்படத்தை ஹார்டு டிஸ்கில் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் என் எடிட் அறைக்கு வந்தார். கதை சின்னதுதான். அப்பா கடைமடை விவசாயி. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வருகிறது. ஆனால் அது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, கிளை வாய்க்கால் வரை இறங்கி அவர் வயலைத் தொடுவதற்குப் பல நாட்கள் ஆகும். அவர் காத்திருக்கிறார். மகன் சென்னையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறான். ஊருக்குத் தண்ணீர் வந்து சேரும் அன்று மகன் எப்படி இருக்கிறான் என்பதுதான் படம்.

அப்பா காட்சிக்கும் மகன் காட்சிக்கும் நடுவில் தம்பி ஒரு ரெடிமேட் டிரான்சிஷன் போட்டிருந்தார். படம் சுழன்று மங்கி, மறுபடி தெளியும், கூடவே ‘வ்வூஷ்’ என்று ஒரு சத்தம். அவருக்கே அது பிடிக்கவில்லை. “அண்ணே, இந்த இடத்துல ஒரு மேட்ச் கட் வந்தா நல்லா இருக்கும்னு தோணுது. ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல” என்றார். அந்த ஒரு கட்டைப் போட எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அதில் ஒரு நாள் திரும்பப் போய் ஷூட் செய்தோம். அந்த மூன்று நாளில் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக எடிட்டிங் கற்கிறவர்கள் ஒரே ஒரு கட்டை அடி முதல் நுனி வரை பார்த்துவிட்டால், அடுத்ததைத் தாங்களே போட்டுக்கொள்ள முடியும்.

முதலில் சுவாமிமலைக்குப் போவோம்

மேட்ச் கட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் சுவாமிமலையில் இருக்கிறது. அங்கே ஸ்தபதிகள் சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியே விடுவார்கள். உள்ளே உண்டாகும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால், மெழுகில் இருந்த அதே உருவம் உலோகத்தில் நிற்கும்.

இப்போது ஒரு ஆவணப்படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மெழுகுச் சிலையின் முகம், நேர்க்கோணத்தில், திரையின் நடுவில். அடுத்த ஷாட்டில் அதே முகம் உலோகத்தில், அதே கோணம், அதே அளவு, அதே இடம். இரண்டையும் நேரடியாக ஒட்டிவிடுங்கள். பல வார வேலை ஒரு நொடியில் கடந்துபோகும். பார்ப்பவருக்கு எங்கும் தூக்கிப் போட்டதுபோல் இருக்காது. ஏனென்றால் அவர் கண் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. மூக்கு இருந்த இடத்தில் மூக்கு, கண் இருந்த இடத்தில் கண். மாறியது நிறமும் பளபளப்பும் மட்டும். அதனால் அவர் பார்ப்பதும் அந்த மாற்றத்தை மட்டும்தான்: குழைவாக இருந்தது கெட்டியாகிவிட்டது, மெழுகு போய்விட்டது.

மேட்ச் கட்டின் வேலை முழுவதும் இந்த உதாரணத்தில் அடங்கிவிடுகிறது. இரண்டு ஷாட்டிலும் ஒன்றாக இருப்பது கண்ணைப் பிடித்து வைக்கும். இரண்டிலும் வேறாக இருப்பதுதான் கதையைச் சொல்லும். புதிதாகச் செய்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் தேடுவார்கள். வட்டத்துக்கு வட்டம், கோட்டுக்குக் கோடு என்று பொருத்திப் பார்த்து மகிழ்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆரம்பக் காலத்தில் ஒரு ஊர்த் திருவிழா வீடியோவில், தேர்ச் சக்கரம் உருள்வதிலிருந்து ஒரு பையனின் சைக்கிள் சக்கரத்துக்குக் கட் செய்தேன். அளவு, வேகம், இடம் எல்லாம் அச்சாகப் பொருந்தியது. போட்டுக் காட்டியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தேரு ஓடிக்கிட்டிருந்துச்சே, நடுவுல ஏன்ப்பா சைக்கிளைக் காமிச்சே?” என்னிடம் பதில் இல்லை. சக்கரமும் சக்கரமும் ஒத்துப்போயின. ஆனால் தேருக்கும் அந்தப் பையனுக்கும் கதையில் ஒரு தொடர்பும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் அதிகம். ஒரே காட்சிக்குள் ஒருவர் திண்ணையில் உட்காருகிறார். பாதி உட்காரும்வரை தூரத்து ஷாட், மீதி குளோசப். இதுவும் அசைவைப் பொருத்திச் செய்யும் கட்தான். ஆனால் இடமும் நேரமும் மாறவில்லை, கட் இருப்பதே தெரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நாம் இங்கே பேசுவது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கோ, ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கோ தாண்டும் கட். இது தெரியலாம், கொஞ்சம் தெரியவும் வேண்டும்.

படி 1: கட்டை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். “அங்கே இப்படி, ஆனா இங்கே இப்படி” என்ற அமைப்பில் ஒரே வாக்கியம் எழுதச் சொன்னேன். முதலில் அவர் எழுதியது: “அங்கே அப்பா கிராமத்தில் இருக்கிறார், இங்கே மகன் நகரத்தில் இருக்கிறான்.” இது தகவல். இதை ஒரு சாதாரண கட்டே சொல்லிவிடும். சென்னை ரயில் நிலையத்தை ஒரு ஷாட் காட்டினாலே போதும்.

அரை மணி நேரம் பேசியபின் வாக்கியம் இப்படி மாறியது: “அங்கே அப்பா திறந்தால் தண்ணீர் வருகிறது, இங்கே மகன் திறந்தால் வரவில்லை.” இதில் ‘திறப்பது’ இரண்டு பக்கமும் ஒன்று. அதுதான் பொருத்தம். தண்ணீர் வருவதும் வராததும் வேறு. அதுதான் கதை. வாக்கியத்திலேயே ஒரு வினைச்சொல் பொதுவாக வந்துவிட்டால் மேட்ச் கட் பாதி கிடைத்த மாதிரி. வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு மேட்ச் கட் வேண்டாம், நேரடியாக வெட்டிவிடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

படி 2: எதை வைத்துப் பொருத்துவது

மூன்று வழிகள் உண்டு: உருவம், அசைவு, ஒலி. உருவத்துக்குச் சுவாமிமலைச் சிலை. ஒலிக்கு ஒரு உதாரணம்: வயலில் டீசல் பம்ப்செட் என்ஜின் ‘டுக்கு டுக்கு’ என்று ஒரே தாளத்தில் அடிக்கிறது, அந்தத் தாளம் அறுபடாமல் ரயில் தண்டவாளச் சத்தமாக மாறுகிறது, மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். படத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லாவிட்டாலும் காது இரண்டையும் கட்டிப்போடும்.

எங்கள் வாக்கியத்தில் வினை இருந்ததால் அசைவைத் தேர்ந்தெடுத்தோம். புதிதாகக் கற்கிறவர்களுக்கும் அசைவுதான் கைகொடுக்கும். ஏனென்றால் கண் அசைவைத் துரத்திக்கொண்டே இருக்கும்போது சின்னச் சின்னப் பொருத்தமின்மைகளை மன்னித்துவிடும். உருவப் பொருத்தத்தில் அந்த மன்னிப்பு கிடையாது, ஒரு ஓரம் விலகினாலும் துள்ளும்.

முதல் ஷாட்: கிளை வாய்க்கால் மதகில், அதைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரோடு சேர்ந்து அப்பாவும் ஷட்டரைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியைச் சுற்றுகிறார். இரண்டாவது ஷாட்: சென்னை அறையின் குளியலறையில் மகன் ஒரு பழைய பித்தளைக் குழாயைத் திருகுகிறான். காற்று மட்டும் வருகிறது.

படி 3: ஷூட்டிலேயே பொருத்துங்கள்

மேட்ச் கட் எடிட்டில் பிறப்பதில்லை, ஷூட்டிங்கில்தான் பிறக்கிறது. தம்பி கொண்டுவந்த ஃபுட்டேஜில் அப்பா சுற்றும் ஷாட் இருந்தது, ஆனால் கரையிலிருந்து, பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில். குழாய் ஷாட்டோ மேலிருந்து. இவை ஒட்டவே ஒட்டாது. அதனால் மறுபடி எடுத்தோம். அப்போது நான்கு விஷயங்களைப் பார்த்தோம்.

முதலாவது கோணம். மதகின் திருகுத்தண்டும் செங்குத்தாக நிற்கிறது, குழாயின் தண்டும் செங்குத்து. இரண்டையும் நேர் மேலிருந்து பார்த்தால் கை ஒரு மையத்தைச் சுற்றி வட்டமடிப்பது ஒரே மாதிரி தெரியும். மதகு மேடையில் கேமராவை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்ததால், முன்கூட்டியே அனுமதி கேட்டு, லஸ்கர் கூட இருக்கும்போது மட்டும் எடுத்தோம். தண்ணீர் போகும் மதகின்மேல் தனியாக ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

இரண்டாவது அளவும் இடமும். மதகின் கைப்பிடி ஒரு முழத்துக்கும் மேல். குழாயின் தலை மூன்று விரலுக்குள் அடங்கும். திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியவேண்டும் என்றால் குழாயை மிக நெருங்கி எடுக்கவேண்டும். இதற்கு எளிய வழி: முதல் ஷாட்டை எடுத்ததும் அதிலிருந்து ஒரு ஃப்ரேமை நிழற்படமாகப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது இடத்தில் கேமராவை வைக்கும்போது அதைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மையம் திரையில் எங்கே இருக்கிறது, கைப்பிடியின் நுனி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

மூன்றாவது சுற்றும் திசை. இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். குழாயைத் திறக்க இடப்பக்கமாகத் திருகவேண்டும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. நாங்கள் போன மதகிலோ ஷட்டரைத் தூக்கக் கைப்பிடி கடிகாரத் திசையில் சுற்றியது. அப்படியே ஒட்டினால் கை ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்து திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் எதிலோ இடித்துக்கொண்டது போல இருக்கும். “எடிட்ல ஃபிளிப் பண்ணிடலாம்ல?” என்றார் தம்பி. பண்ணலாம், ஆனால் மதகில் பெயின்ட்டில் எண் எழுதியிருந்தது, அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். குழாய் ஷாட்டை ஃபிளிப் செய்தால் மகன் இடதுகைக்காரனாகிவிடுவான், அடுத்த ஷாட்டில் வலதுகையால் போனை எடுக்கிறான்.

கடைசியில் லஸ்கர்தான் வழி சொன்னார். குளோசப்பில் கைப்பிடியும் கையும் மட்டும்தானே தெரிகிறது, ஷட்டர் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்? முதலில் ஷட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவைத்துவிட்டு, இறக்கும் திசையில் நாலு சுற்றுச் சுற்றச் சொல்லி அதை எடுத்துக்கொண்டோம். தண்ணீர் பாய்வதைத் தனி ஷாட்டாக எடுத்தோம். படத்தில் பார்க்கும்போது அப்பா திறப்பதாகவே இருக்கிறது. அந்தக் கைப்பிடியைத் தினமும் சுற்றுகிறவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

நான்காவது வேகமும் மங்கலும். அப்பா ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நொடி எடுத்தார், இரும்பு அவ்வளவு கனம். குழாயை நாம் வழக்கமாக அரை நொடியில் திருகிவிடுவோம். அதனால் மகனாக நடித்தவரிடம் மெதுவாக, துருப்பிடித்த குழாய் மாதிரி திருகச் சொன்னோம். மங்கல் என்பது இது: வெயிலில் போன் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு மேல் ஏற்றிவிடும், கை கத்திபோல் கூர்மையாகத் தெரியும். இருட்டான குளியலறையில் 1/25 வரை இறக்கிவிடும், கை புகைபோல் இழுபடும். இரண்டையும் ஒட்டினால் அசைவின் தன்மையே மாறிப்போகும். இரண்டு இடத்திலும் கையால் 1/50 என்று பூட்டிவிட்டு, நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுமினுப்பும் இந்த வேகத்தில் வராது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். அதற்கு லென்ஸின்மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர் போடவேண்டும், அல்லது மாலை வெயில் சாய்ந்தபின் எடுக்கவேண்டும். நாங்கள் மாலையில் எடுத்தோம்.

அப்புறம் ஒரு பழக்கம்: தேவையான அசைவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஐந்து நொடி கூடுதலாக ஓடவிடுங்கள். கட் எந்த ஃப்ரேமில் விழும் என்று ஷூட்டில் உங்களுக்குத் தெரியாது.

படி 4: ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்

நாங்கள் டாவின்சி ரிசால்வில் செய்தோம், இலவசப் பதிப்பே போதும். வேறு எந்த எடிட்டிங் மென்பொருளிலும் இதே வேலைதான். போனில் எடுத்த ஃபைல்களில் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு சீராக இருக்காது, கூடிக் குறையும். அவற்றை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் `Constant Framerate` என்று மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒலி நழுவும்.

மதகு ஷாட்டை முதல் டிராக்கிலும், குழாய் ஷாட்டை அதற்கு மேல் டிராக்கிலும் வையுங்கள், இரண்டும் இரண்டு நொடியாவது ஒன்றின்மேல் ஒன்று படுகிற மாதிரி. மேல் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து `Opacity`யை 50 ஆக்குங்கள். இப்போது இரண்டு படமும் ஒன்றுக்குள் ஒன்று தெரியும். முதலில் மையத்தை ஒட்டுங்கள். மதகின் திருகுத்தண்டும் குழாயின் தண்டும் ஒரே புள்ளியில் நிற்கும்வரை `Position` எண்களை நகர்த்துங்கள். மையம் நின்றபின் `Zoom` வைத்துக் கைப்பிடியின் நீளத்தைச் சமமாக்குங்கள். பெரிதாக்கும்போது மையம் விலகினால் `Position`-ஐ இன்னொரு முறை திருத்திக்கொள்ளுங்கள்.

4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் வேலை செய்தால் `Zoom` 2 வரை போனாலும் தெளிவு குறையாது. 1080-இல் எடுத்ததை 1080-லேயே பெரிதாக்கினால் 1.1 தாண்டும்போதே குழையத் தொடங்கும். எங்களுக்குக் குழாய் ஷாட்டில் 1.3 தேவைப்பட்டது. நல்லவேளையாக 4கே-யில் எடுத்திருந்தோம்.

இன்னொரு எச்சரிக்கை. ஷாட்டின் நடுவில் அளவு மாறக்கூடாது. கட் விழும் இடத்தில் 1.3 என்றால் அந்த ஷாட் முடியும்வரை 1.3 தான்.

படி 5: எந்த ஃப்ரேமில் வெட்டுவது

`Opacity`யை மறுபடி 100-க்குக் கொண்டுவந்துவிட்டு, இப்போது வெட்டும் இடத்தைத் தேடுங்கள். மேலிருந்து பார்க்கும் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கை 3 மணியில் ஆரம்பித்து, 12-ஐத் தாண்டி, 9-ஐ நோக்கிப் போகிறது. எங்கே வெட்டலாம்?

கை நின்றபின் வெட்டக்கூடாது. தம்பி முதலில் அப்படித்தான் செய்திருந்தார்: அப்பா ஒரு சுற்றை முடித்து மூச்சுவிடுகிறார், கட், மகன் குழாயில் கையை வைக்கிறான். அங்கே இரண்டு தனித்தனிக் காரியங்கள் அடுத்தடுத்து நடப்பதுபோல் இருந்தது. இரண்டு கையும் ஒரே சுற்றைச் சுற்றவேண்டும், பாதியை அப்பா, மீதியை மகன். அதனால் கை நல்ல வேகத்தில் இருக்கும் இடம், எங்களுக்கு அது 12 மணி, அங்கே வெட்டினோம். குழாய் ஷாட்டும் 12 மணியிலிருந்து ஆரம்பிக்கிறது.

ஓட்டிப்பார்த்தால் ஒரு சின்னத் தாவல் தெரிந்தது. கணக்குப்படி சரியாக இருக்கிறது, கண்ணுக்குச் சரியாக இல்லை. புதுப் படம் வந்ததும் அது என்ன என்று பிடித்துக்கொள்ளக் கண்ணுக்கு ஒரு கணம் தேவைப்படுகிறது. அந்தக் கணத்தில் நடந்த அசைவை அது தவறவிட்டுவிடுகிறது. அதனால் குழாய் ஷாட்டை இரண்டு ஃப்ரேம் முன்னாலிருந்து ஆரம்பித்தோம், அதாவது கை 12-ஐத் தொடுவதற்குச் சற்று முன்னிருந்து. அசைவு இரண்டு ஃப்ரேம் அளவுக்கு மறுபடி நடக்கிறது, ஆனால் பார்க்கும்போது வழுவழுவென்று போகிறது. மூன்று ஃப்ரேம் ஆக்கினால் கை திக்கியது. ஒன்று போதவில்லை. உங்கள் ஷாட்டுக்கு இந்த எண் வேறாக இருக்கலாம், சில இடங்களில் மறுபடி காட்டாமல் ஒரு ஃப்ரேமை விட்டுவிட்டால்தான் சரிவரும். ரிசால்வில் கமா, புள்ளி விசைகள் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். நகர்த்தி, இரண்டு நொடி பின்னால் போய், ஓடவிட்டுப் பாருங்கள். நின்ற படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வெட்டுக்கு முன் அந்தக் குளோசப் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். சுற்றும் அசைவு பார்ப்பவரின் கண்ணில் ஊறவேண்டும். அதற்கு இரண்டரை நொடியாவது வேண்டும். அரை நொடி காட்டிவிட்டு வெட்டினால் எவ்வளவு பொருந்தினாலும் பொருத்தம் பதியாது.

படி 6: ஒலி

இந்த இடத்தில்தான் கட் உயிர் பெற்றது. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

படம் மாறும் அதே ஃப்ரேமில் ஒலியும் மாறினால் அங்கே ஒரு சுவர் விழும். பொதுவாக எடிட்டர்கள் ஒன்றை முன்னால் விடுவார்கள், அல்லது ஒன்றைப் பின்னால் இழுப்பார்கள். அடுத்த காட்சியின் ஒலி முன்கூட்டியே வந்தால் அது ஜே கட். முந்தைய காட்சியின் ஒலி அடுத்த படத்தின்மேலும் நீண்டால் அது எல் கட். டைம்லைனில் பார்த்தால் கிளிப்புகள் அந்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் நிற்கும், அதனால் வந்த பெயர்.

தம்பி ஜே கட் போடலாம் என்றார்: அப்பா சுற்றும்போதே குழாயிலிருந்து வரும் காற்றுச் சத்தம் கேட்கட்டும். போட்டுப் பார்த்தோம். கேட்பவர்களுக்கு மதகிலேயே ஏதோ கோளாறு என்று தோன்றியது. அப்பாவின் தண்ணீரையே சந்தேகப்படவைத்துவிட்டது. வாக்கியத்தைத் திரும்ப எடுத்துப் படித்தோம்: “அங்கே அப்பா திறந்தால் தண்ணீர் வருகிறது, இங்கே மகன் திறந்தால் வரவில்லை.” அப்படியென்றால் தண்ணீர்ச் சத்தம்தான் நீளவேண்டும்.

அதனால் எல் கட். இரும்பின் கீச்சலுக்கு அடியில் மதகுத் தண்ணீர் பாயும் இரைச்சலை வைத்தோம். படம் குழாய்க்கு மாறியபின்னும் அந்த இரைச்சல் தொடர்கிறது. ஒரு கணம் குழாயிலிருந்தே தண்ணீர் கொட்டப்போகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. 14-வது ஃப்ரேமில், அரை நொடி தாண்டிய உடன், இரைச்சல் சட்டென்று அறுபடுகிறது. மெல்ல மங்கவிடவில்லை, வெட்டிவிட்டோம். அதன்பின் குளியலறையின் மௌனம், ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று, ஒரு சொட்டு.

20 ஃப்ரேம் நீட்டியபோது பார்ப்பவர் படத்தில் தண்ணீர் இல்லை என்பதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார், ஒலி அதற்குப் பிறகு நின்றதால் அடி விழவில்லை. 6 ஃப்ரேம் என்றால் நம்பிக்கை வருவதற்குள் அறுந்துவிட்டது. ஒலியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது படத்தில் எந்த இடத்தில் குழாயின் வாய் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும்.

குளியலறையின் மௌனத்தை அந்த இடத்திலேயே, யாரும் பேசாமல், ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்திருந்தோம். அப்படிச் செய்யாமல் ஒலியே இல்லாத வெற்றிடத்தை வைத்தால், தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுப்போனது போல் இருக்கும்.

டிசால்வ் போட்டிருக்கலாமே?

தம்பி கேட்ட கேள்விதான். ஒரு படம் மங்கி இன்னொன்று மேலெழும் டிசால்வ் எப்போது சரி? காலம் கடந்துபோனதை, ஒரு நினைவு மெல்ல வருவதை அது சொல்லும். நாற்று நட்ட வயல் பச்சையாகி, பின் மஞ்சளாகும் சம்பாப் பருவத்தை அதில் காட்டலாம். ஆனால் எங்கள் கதையில் இரண்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. டிசால்வ் போட்டால் நடுவில் நாட்கள் போய்விட்டதாகத் தோன்றும்.

1962-இல் வந்த லாரன்ஸ் ஆஃப் அரேபியாவில், நாயகன் எரியும் தீக்குச்சியை ஊதியதும் பாலைவனச் சூரிய உதயத்துக்குப் போகும் கட் ஒன்று உண்டு. அதை டிசால்வாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ஃபிலிமில் டிசால்வை லேபில் தனியாகத்தான் செய்யவேண்டும், அதனால் எடிட்டர் ஆன் கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் வேலைப் பிரதியைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு ஷாட்டும் நேரடியாக ஒட்டித்தான் இருந்தன. அதுவே பிடித்துப்போய் நேரடிக் கட்டாகவே வைத்துக்கொண்டார்கள். டிரான்சிஷன் எஃபெக்ட்டைத் தேடுவதற்கு முன் ஒரு தடவை எதுவும் போடாமல் ஓட்டிப்பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

படி 7: நிறமும் வெளிச்சமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலை வெயில் மதகிலிருந்து நீலமான குளியலறைக்குப் போகும்போது நிறம் மாறலாம், மாறவும் வேண்டும், அது கதையின் பக்கம். ஆனால் வெளிச்சத்தின் அளவு குதிக்கக்கூடாது. பளீரென்று இருந்து இருட்டுக்குப் போனால் கண் பொருத்தத்தைப் பார்க்காது, இருட்டைத்தான் பார்க்கும். எங்கள் குளியலறை ஷாட்டின் முதல் அரை நொடியைக் கொஞ்சம் தூக்கிவைத்து, பிறகு மெல்ல இறக்கினோம்.

படி 8: கதை தெரியாதவரிடம் காட்டுங்கள்

முதலில் நீங்களே ஒலியை மூடிவிட்டு ஒரு முறை பாருங்கள். அசைவு தொடர்கிறதா என்று அதில்தான் தெரியும். பிறகு படம் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். அடுத்து, படத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் காட்டுங்கள். “கட் எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எதுவும் கேட்காமல், அவர் முதலில் எதைக் கேட்கிறார் என்று பாருங்கள்.

நாங்கள் அந்த லஸ்கரிடமே போனில் காட்டினோம். கட் முடிந்து சில நொடி கழித்து அவர் கேட்டது: “இது யாரு கை?” அதாவது கட் புரிந்தது, ஆனால் இடம் புரியவில்லை. டைம்லைனைப் பார்த்தால், குழாய் குளோசப் மூன்றரை நொடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மகன் முகமும் அறையும் வருகின்றன. எங்களுக்கு அந்தச் சொட்டு ரொம்பப் பிடித்திருந்ததால் நீட்டி வைத்திருந்தோம். கட்டுக்கு முன் கண்ணைப் பிடித்துவைப்பது எவ்வளவு தேவையோ, கட்டுக்குப் பின் சீக்கிரம் விடுவிப்பதும் அவ்வளவு தேவை. நாம் எங்கே வந்திருக்கிறோம் என்று பார்ப்பவருக்கு ஒன்றரை, இரண்டு நொடிக்குள் தெரிந்துவிடவேண்டும்.

குளோசப்பை ஒன்றரை நொடியாகக் குறைத்தோம். காற்று, ஒரு சொட்டு, உடனே மகன் முகம், அவன் பின்னால் காலி பிளாஸ்டிக் குடங்கள். போன் அடிக்கிறது. அப்பா குரல்: “தண்ணி வந்துடுச்சுப்பா.”

மறுநாள் தம்பி தன் அம்மாவிடம் போட்டுக் காட்டினார். அவருக்கு மேட்ச் கட் என்றால் என்ன என்று தெரியாது. முழுவதையும் பார்த்துவிட்டு, “ஏன்டா, அந்தப் பையன் அப்போ எப்படிக் குளிச்சான்?” என்று கேட்டாராம். தம்பி அன்றைக்கு ராத்திரியே ஃபைலை எக்ஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட்டார்.